பாசிட்டிவ் பே முறையில் நிறுவனக் காசோலை திருப்பப்படுதல்

பாசிட்டிவ் பே என்பது காசோலையை எழுதிக் கொடுப்பவர் அதன் முக்கிய விவரங்களைத் தம் வங்கிக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட, காசோலை பணமாக்கப்பட வரும்போது அந்த விவரங்களோடு வங்கி அதை ஒப்பிட்டுப் பார்க்கும் முறையாகும். இரண்டும் பொருந்தினால் பணம் வழங்கப்படும். பொருந்தாவிட்டால் காசோலை திருப்பப்படலாம். நாள்தோறும் பல காசோலைகள் எழுதும் நிறுவனங்கள் இவ்விவரங்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்வதில்லை. ஒரு பட்டியலாகக் கணினிக் கோப்பில் அனுப்புகின்றன. இதை வெளியீட்டுக் கோப்பு எனலாம். கணக்கில் போதிய பணமும் காசோலையில் சரியான கையொப்பமும் இருந்தும், இந்தக் கோப்பில் நேர்ந்த ஒரு பிழையால் காசோலை திரும்பிவிடுவது உண்டு. அது எவ்வாறு நிகழ்கிறது, எவ்வாறு கண்டறிவது, எவ்வாறு சரிசெய்வது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

முறை தோன்றிய காரணம்

முற்காலத்தில் காசோலைத் தாள் பெறுநரின் வங்கியிலிருந்து எழுதியவரின் வங்கிக் கிளை வரை நேரில் கொண்டுசெல்லப்பட்டது. கிளை ஊழியர் தாளைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கையொப்பத்தை ஒப்பிட்டுப் பணம் வழங்கினார். இன்று இந்தியாவில் தாள் பயணம் செய்வதில்லை. சிடிஎஸ் எனப்படும் காசோலைப் படிமத் தீர்வு முறையில், பெறுநரின் வங்கி காசோலையை வருடிப் படம் எடுத்து, அந்தப் படத்தையும் காசோலையின் அடியில் காந்த மையில் அச்சிட்டுள்ள எண்களையும் மின்னணு வழியே அனுப்புகிறது. தாள் பெறுநரின் வங்கியிலேயே தங்கிவிடுகிறது. இம்முறை 2008 இல் புதுதில்லியிலும், 2011 இல் சென்னையிலும், 2013 இல் மும்பையிலும் தொடங்கி, பின்னர் நாடு முழுவதும் பரவியது.

இதனால் வேகம் கூடியது. ஆனால் பணம் கொடுக்க வேண்டிய வங்கி காசோலையின் படத்தை மட்டுமே பார்க்கிறது. மையை வேதிப்பொருளால் அழித்துத் தொகையை மாற்றியிருந்தாலோ, போலித் தாளில் உண்மையான எண்ணை அச்சிட்டிருந்தாலோ, படத்தில் அது தெரியாமல் போகலாம். எழுதியவர் உண்மையில் எவ்வளவு தொகையை, யாருக்கு எழுதினார் என்பதை அவரிடமிருந்தே பெற்று ஒப்பிடுவதே இதற்குக் கண்ட வழி.

இந்திய ரிசர்வ் வங்கி 2020 ஆகஸ்டில் இத்திட்டத்தை அறிவித்தது. 2020 செப்டம்பர் 25 அன்று சுற்றறிக்கை வெளியிட்டது. 2021 சனவரி 1 முதல் முறை நடைமுறைக்கு வந்தது. இதற்கான பொது ஏற்பாட்டை இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் உருவாக்கி வங்கிகளுக்கு அளித்தது. 50,000 ரூபாயும் அதற்கு மேலுமான காசோலைகளுக்கு வங்கிகள் இவ்வசதியை அளிக்க வேண்டும். அதைப் பயன்படுத்துவது வாடிக்கையாளரின் விருப்பம். எனினும் 5,00,000 ரூபாயும் அதற்கு மேலுமான காசோலைகளுக்கு இதைக் கட்டாயமாக்க வங்கிகளுக்கு உரிமை உண்டு. பல வங்கிகள் அவ்வாறே செய்துள்ளன. தீர்வு முறையில் எழும் தகராறுகளை விசாரிக்கும் ஏற்பாட்டில், இந்த முறையின்படி விவரம் தெரிவிக்கப்பட்ட காசோலைகள் மட்டுமே ஏற்கப்படும் என்றும் அச்சுற்றறிக்கை கூறியது.

ஒப்பிடப்படும் விவரங்கள்

வெளியீட்டுக் கோப்பின் அமைப்பு வங்கிக்கு வங்கி மாறுபடும். ஆயினும் கணக்கு எண், காசோலை எண், காசோலைத் தேதி, தொகை, பெறுநர் பெயர் ஆகிய ஐந்தும் பொதுவாக இடம்பெறும். ஒரு காசோலைக்கு ஒரு வரி.

இவற்றுள் காசோலை எண்ணுக்குத் தனி இடம் உண்டு. மற்ற நான்கும் ஒப்பிடப்படும் விவரங்கள். காசோலை எண்ணோ ஒப்பிட வேண்டிய வரியைத் தேடி எடுக்கும் சாவி. வகுப்பறையில் வருகைப் பதிவேட்டைப் படிக்கும்போது வரிசை எண் தவறினால், ஒரு மாணவரின் பெயருக்கு எதிரே மற்றொருவரின் மதிப்பெண் விழுந்துவிடும். அதுபோலக் காசோலை எண் தவறினால் ஒன்று, வேறொரு காசோலையின் வரி எடுக்கப்படும். அல்லது வரியே கிடைக்காது. ஆகவே ஒரே எண் பிழை இரு வேறு காரணங்களின் பேரில் காசோலைகளைத் திருப்பிவிட முடியும்.

தொகை ஒரு காசு வேறுபட்டாலும் பொருந்தாது. தேதியும் அவ்வாறே. பெறுநர் பெயரில் மட்டும் சற்று நெகிழ்வு உண்டு. சுருக்கெழுத்து, புள்ளி, இடைவெளி போன்ற சிறு வேறுபாடுகளைப் படத்தைப் பார்க்கும் ஊழியர் ஏற்கவும் கூடும். ஏற்காமல் திருப்பவும் கூடும். எனவே பெயரைக் காசோலையில் உள்ளபடியே கோப்பிலும் எழுதுவதே பாதுகாப்பு.

இங்கு ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். காசோலையும் கோப்பும் வேறுபடுகின்றன என்பதை மட்டுமே வங்கி அறிகிறது. இரண்டில் எது தவறு என்பது அதற்குத் தெரியாது. மோசடிக்காரர் திருத்திய காசோலையும், கணக்காளர் தவறாகத் தயாரித்த கோப்பும் வங்கியின் திரையில் ஒரே மாதிரியாகத்தான் தோன்றும். ஆகவேதான் திரும்பிய காசோலையைக் கண்டதும் பெறுநரைச் சந்தேகிப்பதும் தவறு, வெறும் எழுத்துப் பிழை என்று ஒதுக்குவதும் தவறு. எது மாறியது என்பதை நிறுவனமே தேடிக் கண்டறிய வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

கோயம்புத்தூரில் நீரேற்றும் பம்புகள் செய்யும் ஒரு தொழிற்சாலையைக் கற்பனை செய்துகொள்வோம். 2025 நவம்பர் 12 அன்று அதன் கணக்குப் பிரிவு ஐந்து பேருக்குக் காசோலை அச்சிடுகிறது. கணக்கு மென்பொருள் கையிருப்பிலுள்ள முதல் தாளின் எண் 004561 என்று எடுத்துக்கொண்டு, அடுத்தடுத்த எண்களைத் தானே வழங்குகிறது. அதே பட்டியலிலிருந்து வெளியீட்டுக் கோப்பும் உருவாகி வங்கியின் இணையதளத்தில் ஏற்றப்படுகிறது. கோப்பில் உள்ளவை இவை:

- 004561: வார்ப்படப் பட்டறை, ரூ. 4,06,000
- 004562: லாரிப் போக்குவரத்து நிறுவனம், ரூ. 2,18,500
- 004563: செப்புக் கம்பி விற்பனையாளர், ரூ. 6,75,000
- 004564: அட்டைப்பெட்டி செய்பவர், ரூ. 1,32,750
- 004565: மின்பொருள் விற்பனையாளர், ரூ. 5,40,000

அச்சிடும்போது மூன்றாம் தாள் அச்சுப்பொறியில் சிக்கிக் கசங்கிவிட்டது. ஊழியர் அதைக் கிழித்து ஒதுக்கிவிட்டு, மீதி மூன்றையும் அடுத்த தாள்களில் அச்சிட்டார். தாளில் எண் ஏற்கெனவே வங்கியால் அச்சிடப்பட்டிருப்பதால், உண்மையில் செப்புக் கம்பி விற்பனையாளருக்குப் போன தாள் 004564. அட்டைப்பெட்டி செய்பவருக்குப் போனது 004565. மின்பொருள் விற்பனையாளருக்குப் போனது 004566. கோப்பை யாரும் திருத்தவில்லை.

மறுநாள் ஐவரும் தத்தம் வங்கியில் காசோலையைச் செலுத்துகிறார்கள். 2025 அக்டோபர் 4 முதல் காசோலைத் தீர்வு தொகுதி தொகுதியாக நடைபெறாமல் தொடர்ச்சியாக நடைபெறுகிறது. அப்போதிருந்த முதல் கட்ட ஏற்பாட்டின்படி காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை படங்கள் உடனுக்குடன் அனுப்பப்பட்டன. பணம் கொடுக்க வேண்டிய வங்கி அன்று மாலை 7 மணிக்குள் ஏற்கிறதா, மறுக்கிறதா என்று தெரிவித்துவிட வேண்டும். தெரிவிக்காவிட்டால் ஏற்றதாகவே கொள்ளப்படும். ஆகவே ஐயம் எழுந்த காசோலையைப் பற்றி நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டுக்கொண்டிருக்க வங்கிக்கு நேரம் மிகக் குறைவு.

முதல் இரண்டு காசோலைகளும் பொருந்தின. பணம் போய்ச் சேர்ந்தது. மூன்றாமவரின் காசோலையில் 004564 என்ற எண்ணும் ரூ. 6,75,000 என்ற தொகையும் இருந்தன. கோப்பில் 004564 க்கு எதிரே ரூ. 1,32,750 உம் வேறொருவர் பெயரும் இருந்தன. வங்கியின் பார்வையில் இது தொகையும் பெயரும் மாற்றப்பட்ட காசோலை போலவே இருந்தது, திருப்பப்பட்டது. நான்காமவரின் 004565 ஆம் காசோலைக்கும் இதே கதி. ஐந்தாமவரின் 004566 கோப்பிலேயே இல்லை. தொகை ஐந்து லட்சத்துக்கு மேல் இருப்பதாலும், அந்த வங்கியில் அத்தொகைக்கு விவரம் தெரிவிப்பது கட்டாயம் என்பதாலும் அதுவும் திருப்பப்பட்டது. ஆனால் அதற்குச் சொல்லப்பட்ட காரணம் விவரம் பொருந்தவில்லை என்பதன்று. விவரம் பெறப்படவில்லை என்பது.

கசங்கியது ஒரே ஒரு தாள். திரும்பியவை மூன்று காசோலைகள். இரண்டு பேருக்கு ஒரு காரணம், மூன்றாமவருக்கு மற்றொரு காரணம்.

பிழையைக் கண்டறிதல்

முதலில் பெறுநரிடமிருந்து வங்கியின் திருப்புக் குறிப்பைப் பெற வேண்டும். விவரம் பொருந்தவில்லை என்பதும், விவரம் வரவில்லை என்பதும் வேறு வேறு. முன்னதில் கோப்பில் வரி இருக்கிறது, ஆனால் மாறுபடுகிறது. பின்னதில் வரியே இல்லை. அல்லது அந்த வரி வங்கியைச் சென்றடையவில்லை.

இரண்டாவதாகக் காசோலையின் படத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். பெறுநரிடம் உள்ள தாளையோ, வங்கியிடம் உள்ள படத்தையோ பார்க்கலாம். அலுவலகத்தில் உள்ள அடிக்கட்டையையோ கணினிப் பதிவையோ பார்ப்பது போதாது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் கணினிப் பதிவும் கோப்பும் ஒன்றுக்கொன்று கச்சிதமாகப் பொருந்தியிருக்கும். ஏனெனில் இரண்டும் ஒரே தவறான பட்டியலிலிருந்து வந்தவை. தவறு தாளோடு ஒப்பிடும்போதுதான் வெளிப்படும்.

மூன்றாவதாக, நிறுவனம் அனுப்பியதாக நினைக்கும் கோப்பை அல்லாமல், வங்கி ஏற்றுக்கொண்டதாகக் காட்டும் பதிவைப் பார்க்க வேண்டும். கோப்பு ஏற்றப்பட்டபின் எத்தனை வரிகள் ஏற்கப்பட்டன, எத்தனை மறுக்கப்பட்டன என்ற அறிக்கையை வங்கியின் தளத்தில் காணலாம். மேலும் நிறுவனக் கணக்குகளில் பெரும்பாலும் ஒருவர் கோப்பை ஏற்றுவார், மற்றொருவர் அதற்கு ஒப்புதல் அளிப்பார். இரண்டாமவர் விடுப்பில் இருந்தால் கோப்பு ஒப்புதலுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். ஏற்றியவர் அதை அனுப்பிவிட்டதாகவே எண்ணியிருப்பார்.

பின்னர் ஐந்து விவரங்களையும் ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். வேறுபாட்டின் வடிவமே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். காசோலைக்கு எதிரே கோப்பில் உள்ள தொகை, பட்டியலில் அடுத்துள்ளவரின் தொகையாக இருந்தால் எண்கள் ஒரு படி நழுவியுள்ளன என்று பொருள். அப்போது திரும்பிய காசோலையோடு நின்றுவிடாமல் அந்த வரிசையில் மீதமுள்ள அனைத்தையும் பார்க்க வேண்டும். இன்னும் வங்கிக்கு வராதவையும் திரும்பக் காத்திருக்கின்றன. தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருந்தால் அது கணினி செய்த வேலை. எண், தேதி, பெயர் எல்லாம் சரியாக இருந்து, தொகை மட்டும் காசோலையில் கூடுதலாக இருந்தால், அலுவலகக் கட்டணச் சீட்டில் ஒப்பமிடப்பட்ட தொகை எது என்று பார்க்க வேண்டும். ஒப்பமிட்ட தொகை கோப்பில் உள்ளதே என்றால் காசோலை திருத்தப்பட்டிருக்கும் வாய்ப்பு உண்டு. அது பிழை அன்று; வங்கிக்கும் காவல்துறைக்கும் தெரிவிக்க வேண்டிய செய்தி.

கோப்பில் அடிக்கடி நேரும் பிற பிழைகள்

எண் நழுவுவதற்கு அடுத்தபடியாக மிகுதியும் காணப்படுவது விரிதாள் மென்பொருளால் நேர்வது. கணக்கு மென்பொருள் சரியான கோப்பை உருவாக்கியிருக்கும். ஊழியர் ஒருமுறை சரிபார்க்கலாம் என்று அதை எக்செலில் திறந்து, மூடும்போது சேமித்துவிடுவார். அவர் ஒன்றையும் மாற்றவில்லை; ஆனால் மென்பொருள் மாற்றிவிடும். கீழே முதல் வரி திறப்பதற்கு முன் இருந்தது. இரண்டாம் வரி சேமித்தபின் இருக்கக்கூடியது.

```
004564,12-11-2025,675000.00
4564,11-12-2025,675000
```

காசோலை எண்ணின் முன்னிருந்த சுழிகள் மறைந்துவிட்டன. ஆறு இலக்கம் எதிர்பார்க்கும் வங்கி இந்த வரியை மறுக்கலாம். கணினியின் தேதி அமைப்பு மாதத்தை முதலில் வைப்பதாக இருந்தால் நவம்பர் 12 என்பது டிசம்பர் 11 ஆகப் படிக்கப்பட்டுவிடும். நாள் 12 க்கு மேற்பட்டால் இக்குழப்பம் நேராது; ஏனெனில் பதின்மூன்றாம் மாதம் இல்லை. ஆகவே இப்பிழை மாதத்தின் முதல் 12 நாட்களில் எழுதிய காசோலைகளில் மட்டும் தலைகாட்டி, பிறகு தானாகச் சரியாகிவிட்டதுபோல் தோன்றும். இன்னொன்று, எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே காக்கும். 16 இலக்கக் கணக்கு எண் எண்ணாகப் படிக்கப்பட்டால் அதன் கடைசி இலக்கம் சுழியாகிவிடும். இவற்றைத் தவிர்க்க, கோப்பைச் சாதாரண உரைத்தொகுப்பியில் திறந்து பார்க்கலாம். அல்லது எக்செலில் கொண்டுவரும்போதே எல்லாப் பத்திகளையும் உரை வகையாக அறிவித்துக்கொள்ளலாம்.

மற்றொரு வகை, தொகையை எங்கிருந்து எடுப்பது என்பதில் நேரும் பிழை. முற்கூறிய வார்ப்படப் பட்டறையையே எடுத்துக்கொள்வோம். அதன் வேலைக்கூலி ரூ. 3,50,000. அதன்மீது 18 விழுக்காடு சரக்கு சேவை வரி ரூ. 63,000. விலைச்சீட்டின் மொத்தம் ரூ. 4,13,000. பட்டறை ஒரு கூட்டாண்மை நிறுவனம் என்பதால், வேலைக்கூலியில் 2 விழுக்காடாகிய ரூ. 7,000 வருமான வரிக்காகப் பிடிக்கப்பட்டு, காசோலை ரூ. 4,06,000 க்கு எழுதப்பட்டது. வெளியீட்டுக் கோப்பு கட்டணப் பதிவிலிருந்து அல்லாமல் விலைச்சீட்டுப் பதிவிலிருந்து தயாரிக்கப்பட்டால் அதில் ரூ. 4,13,000 இருக்கும், காசோலை திரும்பும். வேறுபாட்டுத் தொகையான 7,000 என்பது வேலைக்கூலியின் சரியாக 2 விழுக்காடு என்று தெரிந்தவுடன் காரணம் விளங்கிவிடும். மோசடியில் தொகை பெரும்பாலும் கூட்டப்படும். இங்கோ காசோலைத் தொகை கோப்பிலுள்ளதைவிடக் குறைவு என்பதும் ஒரு குறிப்பு.

சரிசெய்தல்

காசோலையில் உள்ளது சரி, கோப்புதான் தவறு என்றால், கோப்பின் வரியைத் திருத்தி, அதே காசோலையை மீண்டும் செலுத்தச் சொல்லலாம். காசோலை அதன் தேதியிலிருந்து மூன்று மாதம் வரை செல்லும். ஆனால் ஒருமுறை பதிவு செய்த விவரத்தை மாற்றவோ நீக்கவோ பல வங்கிகள் இடமளிப்பதில்லை. மோசடி செய்தவரே விவரத்தையும் மாற்றிவிடக் கூடாது என்பதே இக்கட்டுப்பாட்டின் நோக்கம். எனவே முதலில் வங்கியிடம் இதைக் கேட்டறிய வேண்டும்.

எடுத்துக்காட்டில் உள்ள மூன்று காசோலைகளும் ஒரே காரணத்தால் திரும்பினாலும் அவற்றுக்குத் தீர்வு ஒன்றன்று. 004566 க்குக் கோப்பில் வரியே இல்லை. ஆகவே மாற்ற வேண்டியது ஒன்றுமில்லை. புதிதாக ஒரு வரி சேர்த்துவிட்டு மின்பொருள் விற்பனையாளரை அதே தாளை மறுபடி செலுத்தச் சொல்லலாம். 004564, 004565 இரண்டுக்கும் தவறான வரிகள் ஏற்கெனவே உள்ளன. வங்கி திருத்தம் ஏற்காவிட்டால் அவ்விரு காசோலைகளுக்கும் நிறுத்தக் கட்டளை கொடுத்து, புதிய காசோலை எழுத வேண்டும். கசங்கிய 004563 ஆம் தாளையும் மறந்துவிடக் கூடாது. அந்த எண்ணுக்கு ரூ. 6,75,000 என்ற வரி வங்கியில் உயிரோடு இருக்கிறது. அதற்கும் நிறுத்தக் கட்டளை கொடுத்து, கிழிந்த தாளில் ரத்து என்று எழுதி அடிக்கட்டையோடு சேர்த்து வைக்க வேண்டும்.

காசோலையில் உள்ளதே தவறு என்றால், அதை அடித்துத் திருத்தி எழுத முடியாது. தேதியைப் புதுப்பிப்பது தவிர வேறு எந்தத் திருத்தமும் உள்ள காசோலையைப் படிமத் தீர்வு முறையில் ஏற்பதில்லை. புதிய காசோலைதான் வழி.

பெறுநருக்குப் பணம் உடனே தேவைப்படும்போது நிறுவனங்கள் நெஃப்ட் அல்லது ஆர்டிஜிஎஸ் வழியாக அனுப்பிவிடுவது உண்டு. ஆர்டிஜிஎஸ் முறையில் குறைந்த அளவு ரூ. 2,00,000 என்பதால், அட்டைப்பெட்டி செய்பவரின் ரூ. 1,32,750 ஐ நெஃப்டில்தான் அனுப்ப இயலும். அவ்வாறு அனுப்புவதற்கு முன் பழைய காசோலையை நிறுத்திவைக்க வேண்டும்; தாளையும் திரும்பப் பெற வேண்டும். இல்லாவிட்டால் கணக்குப் பிரிவில் ஒருவர் பணத்தை அனுப்ப, மற்றொருவர் கோப்பைத் திருத்த, பெறுநர் பழைய காசோலையையும் மறுபடி செலுத்த, ஒரே கடனுக்கு இருமுறை பணம் போய்விடும்.

பெறுநரின் நிலை

இப்பிழையின் சுமையை முதலில் தாங்குபவர் அதைச் செய்யாதவர். செப்புக் கம்பி விற்பனையாளர் அன்று மாலை வரவேண்டிய 6,75,000 ரூபாயை நம்பித் தாம் ஒருவருக்குக் காசோலை கொடுத்திருக்கலாம். பணம் வராததால் அந்தக் காசோலை, உண்மையாகவே பணமின்றித் திரும்பும். வங்கிகள் காசோலை திரும்பியதற்கான கட்டணத்தைத் தம் கட்டணப் பட்டியலின்படி வசூலிக்கின்றன. பெறுநர் செலுத்தியதை ஈடுசெய்வது நிறுவனத்தின் கடமை என்றே வணிக வழக்கில் கொள்ளப்படும்.

சட்ட நிலையும் கவனிக்கத்தக்கது. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138 ஆம் பிரிவு, கணக்கில் போதிய பணம் இல்லாததாலோ, வங்கியோடு செய்துகொண்ட ஏற்பாட்டின் அளவை மீறியதாலோ காசோலை திரும்புவதைக் குற்றமாக்குகிறது. விவரம் பொருந்தாமை இச்சொற்களில் நேராக அடங்கவில்லை. ஆனால் கையொப்பம் பொருந்தாமல் திரும்பிய காசோலையும் இப்பிரிவுக்குள் வரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012 இல் கூறியுள்ளது. ஆகவே இது வெறும் தொழில்நுட்பக் காரணம் என்று நிறுவனம் வாளாவிருக்க முடியாது. திருப்புக் குறிப்பு கிடைத்த 30 நாட்களுக்குள் பெறுநர் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்பலாம். அறிவிப்பு கிடைத்த 15 நாட்களுக்குள் பணத்தைச் செலுத்திவிட்டால் இப்பிரிவின்கீழ் குற்றம் எழாது. காசோலை திரும்பிய அன்றே காரணத்தை எழுத்தில் தெரிவித்து, கடனை ஒப்புக்கொண்டு, பணம் எப்போது எவ்வழியில் வரும் என்று குறிப்பிடும் ஒரு கடிதம் இருவருக்கும் பயன்படும்.

முறையின் எல்லைகள்

பாசிட்டிவ் பே கையொப்பத்தைச் சோதிப்பதில்லை. கணக்கில் பணம் உள்ளதா என்றும் பார்ப்பதில்லை. அவை தனியே நடைபெறும் சோதனைகள். எனவே விவரங்கள் யாவும் பொருந்தியும் ஒரு காசோலை வேறு காரணத்தால் திரும்பலாம். விவரம் தெரிவிக்கப்படாத சிறு தொகைக் காசோலைகளுக்கு இதனால் பாதுகாப்பு இல்லை. நிறுவனத்துக்குள் இருப்பவரே பொய்யான காசோலையை எழுதி, அதற்கேற்ற வரியையும் கோப்பில் சேர்த்துவிட்டால் இரண்டும் பொருந்திவிடும். முறை அதைத் தடுக்காது. காசோலையில் ஒப்பமிடுபவரும் கோப்பை ஏற்றுபவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுவே.

பிழையைத் தவிர்க்கும் வரிசை

மேற்கண்ட பிழைகளில் பெரும்பாலானவை வேலையின் வரிசை மாறுவதால் நேர்கின்றன. அச்சிடுவதற்கு முன் கோப்பைத் தயாரித்தால் அது நிறுவனத்தின் எண்ணத்தைக் காட்டும். அச்சிட்டபின் தயாரித்தால் உண்மையில் எழுதப்பட்டதைக் காட்டும். ஆகவே காசோலைகளை முதலில் அச்சிட்டு, கெட்டுப்போன தாள்களை மென்பொருளில் ரத்து செய்துவிட வேண்டும். பிறகு ஒருவர் தாளில் அச்சிட்டுள்ள எண்ணையும் தொகையையும் வாய்விட்டுப் படிக்க, மற்றொருவர் கோப்பின் வரியில் சரிபார்க்க வேண்டும். ஐந்து காசோலைக்கு இது இரண்டு நிமிட வேலை. அதன்பின் கோப்பை ஏற்றி, ஒப்புதல் பெற்று, ஏற்கப்பட்ட வரிகளின் எண்ணிக்கையும் மொத்தத் தொகையும் தாள்களோடு ஒத்திருக்கின்றனவா என்று வங்கியின் அறிக்கையில் பார்க்க வேண்டும்.

எடுத்துக்காட்டில் ஐந்து வரிகளும் ஏற்கப்பட்டன, மொத்தம் ரூ. 19,72,250 என்பதும் தாள்களின் மொத்தத்தோடு சரியாக ஒத்திருந்தது. எண் நழுவலை எண்ணிக்கையோ மொத்தமோ காட்டிக்கொடுக்காது என்பதற்கு இதுவே சான்று. எனவே மொத்தத்தோடு முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் ஒப்பிடுவது நல்லது. கையில் இருந்த கடைசித் தாள் 004566. கோப்பின் கடைசி வரி 004565. அந்த ஓர் இலக்க வேறுபாட்டை அன்று மாலையே ஒருவர் கண்டிருந்தால், தவறான கோப்பு வங்கிக்குப் போயிருக்காது. காசோலைகளைப் பெறுநரிடம் ஒப்படைப்பது இவையெல்லாம் முடிந்தபின் செய்ய வேண்டிய கடைசி வேலை.